பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்த இரவு

இரவு மணி 11:52. வீட்டில் எல்லா விளக்கும் அணைந்துவிட்டது. நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடவில்லை. விளையாட முடியாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று நானே வைத்திருந்த கெடு அன்றைக்குச் சாயங்காலமே தீர்ந்துபோய், விளையாட்டின் சின்னம் நிறமிழந்து சாம்பலாகக் கிடந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்த தம்பி என்னைப் பார்த்து நின்றான். "தூங்கலையாக்கா? யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்க?" என்றான். "பன்னிரண்டு மணிக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை, போய்ப் படுத்துவிட்டான். 12:00 ஆனது. சாம்பல் நிறச் சின்னம் மறுபடி வண்ணத்துக்குத் திரும்பியது. புதிய நாள், புதிய அறுபது நிமிடம். அன்றைக்கு 12:50 வரை விளையாடினேன்.

அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. முதல் மாதத்துக்குப் பிறகு கெடுவை நான் மீறவே இல்லை. கணக்குப்படி பார்த்தால் ஒவ்வொரு நாளும் சரியாக அறுபது நிமிடம்தான். ஆனால் என் தூக்கம் கெடு வைப்பதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகியிருந்தது. முன்பெல்லாம் பதினொன்றரைக்குக் கண் சொக்கி நிறுத்திவிடுவேன். இப்போது பன்னிரண்டு அடிக்கும்வரை விழித்திருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எல்லை வைத்துக்கொள்வது என்றால் என்ன என்பதையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் பட்டது.

ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் Digital Wellbeing பகுதியில், ஒவ்வொரு செயலிக்கும் இத்தனை நிமிடம் என்று கெடு வைக்கலாம். கெடு தீர்ந்ததும் செயலி மூடிக்கொள்ளும். ஆனால் அது நாளை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை என்று எண்ணுகிறது. பகலில் விளையாடுகிறவர்களுக்கு இதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இரவில் விளையாடும் என்னைப் போன்றவர்களுக்கோ, விளையாட்டு மிகவும் இழுக்கிற நேரத்தில், மனசு மிகவும் களைத்திருக்கிற நேரத்தில், புதுப் படி அளந்து கையில் கொடுத்தது போலாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அந்தக் கெடுவை வைத்ததும் நான்தான், எடுக்கப் போவதும் நான்தான். நடுவில் கடவுச்சொல் என்று எதுவும் கேட்காது. அமைப்புக்குள் போய் நான்கு முறை தொட்டால் கெடு காணாமல் போய்விடும். முதல் மாதத்தில் அதையும் மூன்று முறை செய்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் ஐபோன் வைத்திருக்கிறார். அவருக்கும் இதே கதைதான், வடிவம் மட்டும் வேறு. கெடு முடிந்ததும் Ignore Limit என்று ஒரு வழி வரும். அதைத் தொட்டால் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம், இன்று முழுக்க என்று மூன்று கதவு திறக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டே மூன்றாவதைத் தொடுவாராம். பிறகு ஐபோனில் இந்தக் கெடுவை வைக்கும் Screen Time பகுதிக்கு ஒரு கடவுஎண் போட்டு, கெடு முடிந்ததும் செயலியைத் தடுக்கும் Block at End of Limit என்பதையும் இயக்கி, அந்த எண்ணைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு அது உதவியது. ஆனால் தினமும் மனைவியிடம் போய் எண் கேட்கும் நிலை வந்ததும், அது இரண்டு பேருக்கும் மனக்கசப்பாகிவிட்டது என்றார். என் விளையாட்டுக்குத் தம்பியைக் காவல் வைப்பதில்லை என்று நான் அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வாரம் வெறுமனே எழுதிவைத்தேன்

முதல் வேலையாகக் கெடுவையே எடுத்துவிட்டேன். ஒரு வாரம் எதையும் குறைக்க முயலாமல், எப்போது போனை எடுக்கிறேன், ஏன் எடுக்கிறேன், வைக்கும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். நேரக் கணக்கைப் போனே வைத்திருக்கிறது. எத்தனை முறை திறந்தோம் என்பதையும் அது காட்டும். ஏன் என்பதை மட்டும் நாம்தான் எழுத வேண்டும். ஏழு நாளில் மொத்தம் 22 மணி 24 நிமிடம், அதாவது ஒரு நாளைக்கு 3 மணி 12 நிமிடம். ஒரு நாளைக்குச் சராசரியாக 31 முறை திறந்திருந்தேன்.

எண்ணைப் பார்த்து வயிறு கலங்கியது உண்மைதான். ஆனால் நோட்டைப் புரட்டியபோது தெரிந்த விஷயம்தான் முக்கியம். அந்த மூன்று மணி நேரம் ஒரே மாதிரியானது இல்லை. அதில் இரண்டு வகை கலந்திருந்தது. ஒன்று பகல் முழுக்கச் சிதறிக் கிடந்த நான்கு நிமிடம், ஏழு நிமிடம். இன்னொன்று இரவு பத்தரைக்கு மேல் ஒரே மூச்சில் போகும் ஒன்றரை மணி நேரம். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. இரண்டையும் சேர்த்து அறுபது நிமிடம் என்று ஒரே கயிற்றால் கட்டப் பார்த்ததுதான் நான் செய்த தவறு.

சிதறலைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது என் பழக்கமே இல்லை என்று அப்புறம்தான் புரிந்தது. நான் ஆடுவது ஒரே நிறக் காய்களைச் சேர்த்து உடைக்கும் வகை விளையாட்டு. இந்த வகையில் பெரும்பாலும் ஐந்து உயிர் கொடுப்பார்கள். தோற்றால் ஓர் உயிர் போகும், ஜெயித்தால் போகாது. போன உயிர் அரை மணி நேரத்துக்கு ஒன்றாகத் திரும்பி வரும். ஐந்தும் நிரம்ப 150 நிமிடம், அதாவது இரண்டரை மணி நேரம். நிரம்பியதும் போன் ஒரு மணியடித்துச் சொல்லும். இனி வைத்திருந்தால் வீண், ஏனென்றால் ஐந்துக்கு மேல் சேராது.

ஒரு நாள் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் விழித்திருப்பது ஏறக்குறைய பதினாறு மணி நேரம். அதில் இரண்டரை மணிக்கு ஒரு முறை என்றால் ஆறு முறை உயிர் நிரம்பும். ஒரு சுற்று மூன்று நிமிடம் என்று வைத்தால், ஐந்து உயிரும் தீர்வதற்குக் குறைந்தது பதினைந்து நிமிடம். ஆறு முறைக்குத் தொண்ணூறு நிமிடம். இது எல்லாச் சுற்றிலும் தோற்றால்தான். நடுவில் ஜெயித்தால் உயிர் போகாது, ஆட்டம் நீளும். ஆக, நான் எதுவுமே முடிவு செய்யாமல், உயிர் வீணாகக் கூடாது என்று மட்டும் நினைத்தாலே ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். உயிர் தீர்ந்துபோவது ஒரு எல்லை, அது நம்மை நிறுத்துகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது என்னை நிறுத்தவில்லை. திரும்பி வர வேண்டிய நேரத்தைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவைத்தது.

இதற்கான தீர்வு எளிதாகவே இருந்தது. அந்த விளையாட்டின் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்தேன். உயிர் நிரம்பி வழிந்தால் வழியட்டும் என்று விட்டேன். முதல் மூன்று நாள் கை தானாகப் போனைத் தேடியது. உயிர் நிரம்பியிருக்கும் என்ற நினைப்பு மணியடிக்காமலே வந்தது. நான்காம் நாளிலிருந்து குறையத் தொடங்கி, இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்குத் திறப்பது எட்டு முறைக்கு இறங்கியது. வேறு எந்தக் கட்டுப்பாடும் இல்லாமலே ஒரு நாளில் முக்கால் மணி நேரம் குறைந்தது. தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பரிசு என்ற சங்கிலியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுந்தது. அறுந்த அன்றைக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, மறுநாள் அதன் நினைப்பே இல்லை.

இரவு ஏன் அப்படி இழுத்தது

இரவுதான் கடினம். நோட்டில் இரவு வரிகள் எல்லாமே ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. ஏன் எடுத்தேன் என்ற இடத்தில் "இப்பதான் நேரம் கிடைச்சுது" என்று ஐந்து நாள் எழுதியிருந்தேன். காலையில் எழுந்ததிலிருந்து வேலை, வீடு, யாராவது ஒருவருடைய தேவை. பத்தரைக்குத்தான் ஒருவரும் என்னைக் கூப்பிடாத நேரம் தொடங்குகிறது. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க மனசு ஒப்பவில்லை. தூங்கப் போனால் கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி காலை, மறுபடி வேலை. விளையாட்டைவிட அந்த நேரத்தைத்தான் நான் பிடித்து வைத்திருந்தேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் விளையாட்டை மட்டும் பிடுங்கியதால்தான் பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தேன்.

அதே நோட்டில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. வைக்கும்போது எப்படி இருந்தது என்ற இடத்தில், இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடித்த ஆட்டங்களுக்கெல்லாம் "நல்லா இருந்துச்சு", "தலை லேசாச்சு" என்று எழுதியிருந்தேன். அதைத் தாண்டிய ஆட்டங்களுக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. "இந்த லெவல் முடிக்கணும்னு", "மூணு தடவ தோத்து கோபம்", "கண் எரியுது" என்றுதான் இருந்தது. இது என் அளவு. வேறொருவருக்கு நாற்பது நிமிடமாக இருக்கலாம், பெரிய கதை விளையாட்டு ஆடுகிறவருக்கு ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம்தான் என்று பொதுவாகச் சொல்லக்கூடிய எண் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுச் சீர்குலைவு என்ற ஒன்றைச் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில்கூட மணிக்கணக்கு கிடையாது. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னால் வந்து நிற்பது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இது பொதுவாக ஓர் ஆண்டளவுக்கு நீடித்து வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிப்பது என்றுதான் இருக்கிறது. வேலை போகும் நிலை, சாப்பிடாமல் குளிக்காமல் கிடக்கும் நிலை என்றால் நோட்டும் அலாரமும் போதாது, மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். நான் அந்த இடத்தில் இல்லை. ஆனால் தூக்கம் போய்க்கொண்டிருந்தது. எனவே மகிழ்ச்சி எங்கே தீர்கிறதோ அதையே என் எல்லையாக வைத்துக்கொண்டேன். ஒரு அமர்வுக்கு இருபத்தைந்து நிமிடம்.

எத்தனை நிமிடம் என்பதைவிட எப்போது என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. வேலை முடிந்து வந்ததும் 6:15-க்கு ஒரு அமர்வு என்று வைத்தேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த இருபத்தைந்து நிமிடம் என்னைக் கூப்பிட வேண்டாம், அது என் நேரம் என்று. முதலில் சொல்லவே கூச்சமாக இருந்தது. விளையாடப் போகிறேன் என்று ஒரு பெரிய மனுஷி எப்படிச் சொல்வது? தம்பிதான் "சரிக்கா, அந்த நேரம் கதவ நான் பாத்துக்கறேன்" என்றான். இன்னொரு அமர்வு இரவு 8:45-க்கு. 9:30-க்குப் போன் கூடத்தில் சார்ஜில் போய் உட்கார்ந்துவிடும். அறைக்குள் வராது. காலையில் எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வைத்துக்கொண்டேன். போன் அறைக்குள் இருப்பதற்கு நான் சொல்லிவந்த கடைசிக் காரணம் அந்த அலாரம்தான்.

எடுத்த எடுப்பிலேயே இந்த அளவுக்கு இறங்கிவிடவில்லை. முதல் பத்து நாள் இரவை மட்டும் எடுத்தேன். சாயங்காலம் எவ்வளவு நேரம் ஆடினாலும் கணக்கில்லை, 9:30-க்கு மேல் மட்டும் கிடையாது. சில நாள் சாயங்காலமே ஒன்றரை மணி நேரம் ஆனது, விட்டுவிட்டேன். அந்த முதல் நான்கு இரவுகள் மோசமாக இருந்தன. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கண்ணை மூடினால் காய்கள் நகர்ந்தன. ஐந்தாம் இரவு எப்போது தூங்கினேன் என்றே நினைவில்லை. அப்புறம்தான் சாயங்காலத்தை இரண்டு அமர்வாகச் சுருக்கினேன்.

அலாரத்தை எங்கே வைப்பது

இதில் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. இது தெரியாமல் ஒரு வாரம் தடுமாறினேன். இருபத்தைந்து நிமிடம் என்று அலாரம் வைத்தால், அது பெரும்பாலும் ஆட்டத்தின் நடுவில் அடிக்கும். நான்கு நகர்வு மிச்சம், இரண்டு காய் உடைய வேண்டும், அப்போது அலாரம். யாருக்கு நிறுத்த மனசு வரும்? இந்தச் சுற்று முடியட்டும் என்று முடித்தால், தோற்றிருப்பேன், இன்னொன்று ஆடத் தோன்றும். ஜெயித்திருந்தால் அடுத்த லெவல் தானாகத் திறந்து நிற்கும். அலாரம் அடித்ததே மறந்துபோகும்.

அதனால் அலாரத்தை இருபதாம் நிமிடத்துக்கு மாற்றினேன். அதற்கு அர்த்தத்தையும் மாற்றினேன். அலாரம் அடித்தால் நிறுத்து என்று இல்லை, இனிப் புதுச் சுற்று தொடங்காதே என்பதுதான். நடக்கும் சுற்றை நிதானமாக முடிக்கலாம், தோற்றாலும் ஜெயித்தாலும் அத்தோடு சரி. என் சுற்று மூன்று, நான்கு நிமிடம் என்பதால் எப்படியும் இருபத்தைந்துக்குள் முடிந்துவிடும். ஒரு ஆட்டம் பதினைந்து நிமிடம் போகும் குழு விளையாட்டு ஆடுகிறவர்கள் நிமிடத்தை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம் என்று எண்ணுவதுதான் சரிப்படும். கூட ஆடுகிறவர்களை நடுவில் விட்டுவிட்டுப் போகும் நிலையும் வராது. நடுவில் நிறுத்துவதற்குத் தேவைப்படும் மன உறுதி எனக்கு இல்லை. தொடங்காமல் இருப்பதற்குத் தேவையான அளவு இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு சறுக்கல் வந்தது. கணக்கில் என் விளையாட்டு 48 நிமிடம்தான் காட்டியது, ஆனாலும் சாயங்காலம் எங்கே போனது என்று தெரியவில்லை. போனைத் திறந்து மொத்த நேரத்தைப் பார்த்தேன். வேறொரு சின்ன விளையாட்டைச் சும்மா பார்க்கலாம் என்று இறக்கி, அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. ஆண்ட்ராய்டில் கெடு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி என்பதால் இது அதன் கண்ணில் படாது. ஐபோனில் விளையாட்டு என்ற வகைக்கே சேர்த்து ஒரு கெடு வைக்க முடியும். அன்றிலிருந்து வாரம் ஒரு முறை, ஒரு செயலியின் கணக்கைப் பார்க்காமல் எல்லா விளையாட்டும் சேர்ந்த மொத்தத்தைப் பார்க்கிறேன். புதிதாக ஒன்றை இறக்கினால் பழையது ஒன்றை எடுத்துவிட வேண்டும் என்றும் வைத்திருக்கிறேன்.

மிச்சத்தைச் சேர்த்து வைப்பதில்லை என்பதும் அனுபவத்தில் வந்த விதி. நேற்று ஆடவில்லை, அதனால் இன்று ஐம்பதுக்குப் பதில் நூறு என்று ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தேன். நூறு நிமிடம் நூற்றைம்பது ஆனது. அதேபோல் எல்லை மீறிய மறுநாள் தண்டனையாக ஆடாமலும் இருப்பதில்லை. ஒரு முறை அப்படி மூன்று நாள் இருந்து, நான்காம் நாள் இரவு கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்துவந்துவிட்டேன். மீறினால் மறுநாளும் அதே 6:15, அதே இருபது நிமிட அலாரம்.

இரண்டு வாரம் முன்பு, அலாரம் அடித்து நடக்கும் சுற்றை முடித்தபோது, அரை மணி நேரத்துக்கு உயிர் தீராத பரிசு ஒன்று வந்து விழுந்தது. திரையின் ஓரத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. 29:58, 29:57. அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தேன். இது என் கடிகாரம் இல்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். கை லேசாக நடுங்கியது. ஆனால் எழுந்துவிட்டேன்.

இப்போது ஒரு நாளைக்கு 52, 53 நிமிடம் ஆகிறது. திறப்பது மூன்று முறை. மூன்றாவது முறை எப்போது, எதற்கு என்று இன்னும் நோட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன். பதினொன்றுக்குள் தூங்கிவிடுகிறேன். இதை எழுதும்போது மணி 5:35. ஐந்து உயிரும் மத்தியானமே நிரம்பியிருக்கும். 6:15-க்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. முந்தாநாள் விட்ட லெவலில் இடது மூலையில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு காய்களை எப்படி எடுப்பது என்று ஒரு வழி தோன்றியிருக்கிறது, அதைத்தான் முதலில் செய்து பார்க்கப்போகிறேன்.